நீல டிக்கை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

வணக்கம். நேற்று நம் குழுவில் வந்த ‘தீபாவளிக்கு 500 ரிங்கிட் இலவசம்’ பதிவை நீக்கிவிட்டேன். நகைக்கடைப் பெயரில் வந்த போலி பேஸ்புக் பக்கத்தின் பதிவு அது. பிரிக்பீல்ட்ஸ் அக்கா ஒருவர் கமெண்ட் போட்டதும், ‘நீங்கள் வெற்றியாளர், 15 ரிங்கிட் கட்டணம் செலுத்துங்கள்’ என்று இன்பாக்ஸில் லிங்க் வந்ததாம். திறந்தால் வங்கி பாஸ்வேர்டு கேட்கிறது.

‘டிக் இருந்ததே’ என்றார். அந்த டிக் சுயவிவரப் படத்துக்குள் வரைந்தது. உண்மையான டிக் பெயருக்குப் பக்கத்தில் வரும், தட்டினால் விவரம் காட்டும்.

சரி, உண்மையான டிக்காக இருந்தால்? பேஸ்புக்கில் 2023 முதல் மாதச் சந்தா கட்டியும் அதை வாங்கலாம். அடையாளத்தைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பரிசுக்கு அது உத்தரவாதமில்லை. டிக் உள்ள பக்கத்தையே ஹேக் செய்து ஏமாற்றுவதும் உண்டு.

நான் முதலில் பார்ப்பது Page transparency. பக்கம் தொடங்கிய தேதி, பழைய பெயர்கள், சில பக்கங்களில் நடத்துபவர்கள் இருக்கும் நாடு எல்லாம் அதில் தெரியும். பழைய நகைக்கடையின் பக்கம் போன வாரம் பிறந்திருந்தால் புரிந்துகொள்ளலாம்.

பணம் போய்விட்டதா? உடனே வங்கிக்கும், மோசடிப் புகார் எண்ணான 997க்கும் அழையுங்கள்.