மண்டபம் கிடைத்துவிட்டது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் கிடைத்துவிட்டது. முன்பணமும் கட்டியாகிவிட்டது. அக்கா உனக்குச் சொல்லியிருப்பாள். நீ படித்த மாதிரி நீலக்குறி விழுந்ததாம், பதில்தான் இல்லையாம். வேலை இருக்கும், சரி.

மேலாளர் நானூறு பேர் தாராளமாக உட்காரலாம் என்றார். உரிமத்தைக் காட்டச் சொன்னேன். அதில் 250 என்று போட்டிருந்தது, அதுவும் பரிமாறுகிறவர்கள், அலங்காரக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து. தீயணைப்புச் சான்றிதழில் காலாவதித் தேதி எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தேன். நீ கற்றுக்கொடுத்ததுதான். காகிதத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று எனக்கே சொன்னவன் நீ. அம்மாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

நாங்கள் 200 பேரோடு நிறுத்திக்கொண்டோம். சாப்பாட்டுக்கூடத்தில் 80 இருக்கை. ஒரு பந்திக்கு, துடைத்து அடுத்ததை விரிப்பதோடு சேர்த்து, நாற்பது நிமிடம். மூன்று பந்தி என்றால் இரண்டு மணி நேரம். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்கு முடியும். ஒலிபெருக்கியை ஒன்பதரைக்கு நிறுத்த வேண்டும், பத்து மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பாத்திரம் கழுவி ஏற்றுவதும் அந்தப் பத்துக்குள்தான் அடக்கம். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். அலங்காரத்துக்கு மூன்று மணி நேரம் வேண்டுமென்பதால் மதியம் இரண்டிலிருந்து எடுத்திருக்கிறேன். ஒலிபெருக்கி அனுமதியை "நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்றார் மேலாளர். எழுதிக் கொடுங்கள் என்றதும் பேச்சை மாற்றினார். விண்ணப்பம் விசேஷம் நடத்துகிறவர் பெயரில்தான் போக வேண்டுமாம். நானே போய்க் கொடுத்து, ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.

வண்டி விஷயம்தான் மனசைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. மண்டபத்துக்குள் 18 கார் நிற்கும். 200 பேரில் பாதி காரில் வந்தால், காருக்கு நாலு பேர் வைத்தாலும் 25 கார். சமையல்காரரின் வேன் வேறு. அது சமையலறை வாசலை ஒட்டி நிற்க வேண்டும், அந்த இடத்தில் கார் விடக்கூடாது. மிச்ச வண்டிகளுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தை எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன். வாசலில் இரண்டு ஆள். உள்ளே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஓட்டி வந்தவரின் பெயரும் எண்ணும் சீட்டில் எழுதிக் கண்ணாடிக்குள் வைக்கச் சொல்லப்போகிறேன். மண்டபம் பிடிக்கும்போது வண்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உனக்கும் ஒரு நாள் உதவும். வண்டியைத்தான் முதலில் பார்.

போன வாரம் எதிர்வீட்டுக்குப் போனேன். தேதி, நேரம், என் கைபேசி எண் எல்லாம் எழுதிய ஒரு தாளோடு. ஆமாம், அதே மண்டபம்தான், அதே எதிர்வீடு. அந்த அம்மா கேட்டைத் திறந்துவிட்டு, "நீங்கள்தானே" என்றார். கேட்டின் கீழ்க்கம்பியில் ஒரு கோடு, சாயம் உரிந்து துருவேறியிருந்தது. அன்று நம் விசேஷத்துக்கு வந்த வெள்ளை வண்டி கேட்டை மறித்து நிற்க, அவர்கள் காரை இடுக்கில் வெளியே எடுக்கப் பார்த்தபோது உரசியது. பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருபது நிமிடம் தாமதம். மைக்கில் மூன்று தடவை எண்ணைச் சொன்னோம், அந்த வெள்ளை வண்டிக்காரர் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார், இப்போது நடக்கிறார்.

தம்பி, அந்த வண்டியை அங்கே நிறுத்தச் சொன்னது நான்தான். "ஒரு மணி நேரம்தானே, விடுங்கள்" என்று கையைக் காட்டினேன். அதற்கப்புறம் அத்தனை பேர் முன்னால், வண்டியைக்கூடப் பார்க்கத் தெரியாதவன் என்று உன்னைத் திட்டினேன். நீ எதுவும் சொல்லவில்லை. போய் அந்தக் காரைப் பின்னாலிருந்து தள்ளினாய். உனக்குத் தெரியும் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் கை காட்டியபோது நீ படியில் நின்றுகொண்டிருந்தாய். அம்மாவிடம்கூட இதுவரை நான் சொன்னதில்லை. நேற்று ராத்திரி சொன்னேன். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

சமையல்காரர் ஏழு நாள் முன்னால் கடைசி எண்ணிக்கை கேட்கிறார். அதற்குப் பிறகு கூட்டலாம், குறைத்தால் காசு திரும்பாது. நான் 200 என்று சொல்லவில்லை, 202 என்று சொல்லியிருக்கிறேன். நீ ஒருவன் என்றாலும் சரி, இரண்டு பேர் என்றாலும் சரி. யார் என்று நான் கேட்கப் போவதில்லை, அம்மா கேட்பாள்.

காரில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். மைதானத்துக்குப் போக வேண்டாம், உள்ளேயே ஓர் இடத்தில் கயிறு கட்டி வைக்கிறேன்.

அப்பா