ஈ உட்கார்ந்த பால்: சூடு பண்ணினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ் கேள்வி பதிலில், ஈ உட்கார்ந்த சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டுமா என்று ஒருவர் கேட்டதற்கு, "ஈயின் காலில் ஒட்டியிருக்கும் கிருமி கொஞ்சம்தான், திரும்பச் சூடு பண்ணிவிட்டால் போதும்" என்று பதில் போட்டிருந்தீர்கள். பாதி சரி. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் மீதிப் பாதியை எழுதத் தோன்றியது.

காலை விடுங்கள், வாயைப் பாருங்கள். வீட்டு ஈயால் எதையும் கடிக்க முடியாது, அதன் வாய் ஒரு பஞ்சு மாதிரி, திரவத்தை ஒற்றி உறிஞ்ச மட்டும்தான் ஆகும். அதனால் சர்க்கரை மாதிரிக் கெட்டியான எதிலாவது உட்கார்ந்தால் எச்சிலையும், முன்பு குடித்து வயிற்றுக்குள் ஒரு பையில் இருப்பு வைத்திருப்பதையும் சேர்த்து அதன்மேல் கக்கி, கரைத்து, அப்புறம் உறிஞ்சும். முன்பு குடித்தது கழிவாக இருந்தால் உங்கள் தட்டில் விழுவதும் அதுதான். காலிலும் ரோமத்திலும் ஒட்டியவை காற்றுப் பட்டுக் காய்ந்து நிறையச் செத்துவிடும், உள்ளே பையில் இருப்பவை ஈரத்தில் சுகமாக இருக்கும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஒன்று செய்து காட்டுவோம். கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில் ஒரு ஈயை ஒரு நிமிஷம் நடக்கவிட்டு மூடி, வெதுவெதுப்பில் வைத்துவிடுவோம். மறுநாள் திறந்தால் அது நடந்த வழியெல்லாம் வரிசையாகப் புள்ளிகள், நின்று வாயை வைத்த இடங்களில் மட்டும் திட்டுத் திட்டாக.

சரி, எத்தனை கிருமி உள்ளே போனால் நோய் வரும்? இது கிருமியைப் பொறுத்தது. சால்மோனெல்லாவுக்குப் பொதுவாக ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் வேண்டும். ஒரு தம்ளர் பாலில் ஈ 100 கிருமியை விட்டுவிட்டுப் போனது என்று வையுங்கள். உடனே குடித்தால் ஆரோக்கியமான பெரியவருக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. அதே தம்ளரை வெயில் நாளில் மேஜை மேலேயே விட்டால், முதல் ஒரு மணி நேரம் கிருமிகள் சும்மா இருந்துவிட்டு, பிறகு அரைமணிக்கு ஒரு தடவை இரட்டித்தால்கூட ஆறாவது மணியில் ஒரு லட்சத்தைத் தாண்டும். பால் திரிந்திருக்காது, வாடையும் வராது. ஃப்ரிட்ஜில் வைத்தால் இந்தப் பெருக்கம் கிட்டத்தட்ட நிற்கும், ஆனால் இருப்பவை சாகாது.

சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா வேறு ரகம். அதற்குப் பத்து முதல் நூறு கிருமியே போதும், பெருக நேரமே வேண்டாம். அது மனித மலத்திலிருந்து வருவது, ஆகவே ஈ எங்கிருந்து பறந்து வந்தது என்பதுதான் கேள்வி. பக்கத்தில் திறந்த கழிப்பிடம் இருந்தால் ஒரே ஒரு ஈயையும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ராணுவ முகாம்களில் பொறி வைத்து ஈயைக் குறைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1991ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, ஈ குறைந்த முகாமில் ஷிகெல்லா நோயும் வெகுவாகக் குறைந்திருந்தது.

இப்போது சூடு பண்ணும் விஷயம். பாலைப் பொங்கவிட்டால் மேலே சொன்ன இரண்டு கிருமியும் செத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்டேஃபிலோகாக்கஸ் என்ற கிருமி (ஈயைவிட நம் கையிலிருந்துதான் அதிகம் வரும்) பெருகும்போதே ஒரு நஞ்சைக் கக்கி வைக்கும். கிருமி கொதியில் சாகும், நஞ்சு சாகாது, குடித்த சில மணி நேரத்தில் வாந்தி. அதனால் ஈ மொய்த்த பால் அஞ்சாறு மணி நேரம் வெளியே கிடந்திருந்தால் கொதிக்க வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். கைக்குழந்தைக்கு, வயதானவர்களுக்கு, நோயாளிக்கு என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ஈ விழுந்தாலே புதுசாக ஊற்றிக் கொடுங்கள்.

கரப்பானிடம் தொல்லை என்னவென்றால் அது எதைத் தொட்டது என்றே நமக்குத் தெரியாது. ஈயைக் கண்ணால் பார்த்து விரட்டுகிறோம், இது சாக்கடையிலிருந்து ராத்திரியில் ஏறி வந்து அடுக்கி வைத்த தட்டு மேல் நடந்து, கடித்து, கக்கி, எச்சமும் போட்டுவிட்டு விடிவதற்குள் போய்விடும். அதன் எச்சத்தில் சால்மோனெல்லா நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அலமாரி மூலையில் மிளகுத்தூள் சிந்தினது போலக் கிடந்தால் அது மிளகுத்தூள் அல்ல. அப்படிப் பார்த்த அன்று வெளியே இருந்த தட்டு, தம்ளர் எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் எடுப்பேன். துணியால் துடைத்து எடுப்பது எங்கள் வீட்டில் மற்றவர்கள் செய்வது, அதற்கு இன்னமும் சண்டை நடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி