இறங்கும்போது முடியும் வாக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான நகரப் பேருந்துப் பாடலைப் பற்றி, அன்றாட நெரிசலில் பாடுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் இரண்டாம் சரணத்தை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

"கம்பி பற்றி, தோள் ஒதுக்கி, காலிடம் தேடி, முன்னே சாய்ந்து, பின்னே மீண்டு, மூச்சைச் சேர்த்து" என்று அந்தச் சரணம் வினையெச்சங்களாகவே நீண்டுகொண்டு போகிறது. வினையெச்சம் தனியே நிற்காது. தன்னை முடித்துவைக்கும் வினைமுற்றுக்காகக் காத்திருக்கும். நிறுத்தம் எப்போது வரும் என்று நின்றபடியே காத்திருக்கும் பயணியின் நிலையை, படிப்பவரின் மூச்சும் இவ்வாறு அடைந்துவிடுகிறது. இதுவரை செய்பவர் யார் என்பதும் தெரிவதில்லை. பற்றியதும் சாய்ந்ததும் ஒருவரா பலரா என்று எச்சம் காட்டாது. கடைசியில் "இறங்கினோம்" என்ற ஒரே முற்று வந்து, வாக்கியத்தை முடிப்பதோடு, அத்தனை பேரையும் தன்மைப் பன்மையில் சேர்த்தும் விடுகிறது. பிரியும் நொடியில்தான் அவர்கள் 'நாம்' ஆகிறார்கள். இதைக் கவிஞர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை, இலக்கணமே சொல்லிவிடுகிறது. எனக்கு இந்தப் பாடலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்தச் சரணத்தில் உவமை ஒன்றுகூட இல்லை என்பதை வறட்சி என்று அந்த வாசகர் கருதியிருக்கலாம். ஆனால் பொருளணிகளை வரிசைப்படுத்தும் தண்டியலங்காரம் உவமைக்கும் முன்னதாக, முதல் அணியாகத் தன்மையணியை வைக்கிறது. ஒரு பொருளின் இயல்பை உள்ளபடியே சொல்லில் அமைப்பதும் அணியே என்பது நம் மரபு ஏற்றுக்கொண்ட செய்தி. வண்டி நிற்கும்போது உடல்கள் முன்னே சாய்ந்து பின்னே மீள்வதை வரிசை மாறாமல் சொன்னது அத்தகைய அணிதான். 'முன்னே', 'மூச்சை' என்ற மோனையும் உறுத்தாமல் அந்த அசைவோடு சேர்ந்துகொள்கிறது.

இறுதிச் சரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வாழ்க்கையே ஒரு பயணம் என்று அது பொதுவாகப் பேசத் தொடங்கிவிடுகிறது. பேருந்து என்ற சொல்லை எடுத்துவிட்டு ரயில் என்றோ படகு என்றோ வைத்தாலும் அந்த வரிகள் சிறிதும் குலையாமல் நிற்கும்; நெரிசலில் நின்று பெற்றவை அவை அல்ல என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டாம் சரணத்தில் அப்படி மாற்றிப் பார்த்தால் தோளை ஒதுக்குவதும் காலுக்கு இடம் தேடுவதும் உடனே பொருந்தாமல் போகும்.

இந்தப் பாடலுக்கு யாரேனும் மெட்டமைக்க முன்வந்தால், கவிஞர் இறுதிச் சரணத்தை விட்டுவிட்டு இரண்டாம் சரணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். பாடுபவரும் "மூச்சைச் சேர்த்து" என்பதற்குப் பின் இடைவெளி விடாமல் "இறங்கினோம்" என்பதை ஒரே மூச்சில் பாடிவிட வேண்டும்.

அன்புடன்,
தங்கள் வாசகர்