பாப்பாவுக்கு, டர்பனிலிருந்து அத்தை

அன்புள்ள பாப்பா,

மருந்தாளர் படிப்பு முடிந்து செய்கிற சமுதாயப் பணி வருஷத்துக்கு உனக்குக் குவாசூலு-நட்டாலில்தான் இடம் கிடைத்திருக்கிறது என்று அண்ணன் சொன்னான். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் வளர்ந்த பெண் மலைக்கு நடுவே ஒரு ஆஸ்பத்திரியில் எப்படி இருப்பாள் என்று அவனுக்குக் கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. நீ மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்காரப்போகிறாய் அல்லவா, அங்கே சூலு மொழி உனக்கு என்ன செய்யும் என்று மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கே உள்ள நம் பெரியவர்கள் சிலர், "சூலுதானே, நான் கற்றுத்தருகிறேன்" என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஃபானகலோ. சுரங்கத்திலும் பண்ணையிலும் முதலாளி வேலைக்காரருக்கு உத்தரவு போட வளர்ந்த கலப்பு மொழி அது. சொற்கள் பெரும்பாலும் சூலுதான், தொனி மட்டும் அதட்டல். அதில் ஒரு பாட்டியிடம் பேசினால் வேலையாளை ஏவுவதுபோல் கேட்கும். வேண்டாம்.

வயதானவர் வந்தால் ஒருவரே ஆனாலும் 'சனிபோனானி' என்று பன்மையில் வணங்கு. நம் 'வாங்க' மாதிரிதான். அப்புறம் 'நின்ஜானி?', நலமா என்று கேள். ஆணுக்கு 'பாபா', பெண்ணுக்கு 'மாமா', ரொம்ப வயதானவளுக்கு 'கோகோ'. ஒரு பெண்ணைப் பார்த்து மாமா என்று கூப்பிட எனக்கு முதல் மாதம் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. தயவுசெய்து என்பதற்கு 'ஙிசேலா' என்று எழுதலாம், ஆனால் நடுவில் வருவது 'ச' இல்லை. யாராவது கஷ்டத்தைச் சொன்னால் நாம் உச்சுக் கொட்டுவோமே, அந்த ஒலி. உங்கள் பாட்டி நாளெல்லாம் போடுவது அதுதான், உனக்குப் புதிதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கும் கோகோ ஒருவர் இருந்தார். அளந்தால் 170/100. புதிதாக வந்த பையன் ஆங்கிலத்தில், "இன்று மாத்திரை போடவில்லையா?" என்று கேட்டான். அவர் "யேபோ" என்றார். ஆமாம் என்று அர்த்தம். அவன் 'போட்டுவிட்டார்' என்று அட்டையில் எழுதிவிட்டான். மாத்திரை போட்டும் இறங்கவில்லை என்றால் டாக்டர் இன்னொரு மருந்து சேர்ப்பார், அதுதானே முறை.

அந்த 'யேபோ'வை நீ தமிழில் யோசித்துப் பார். "சாப்பிடலையா?" என்றால் "ஆமா, சாப்பிடலை" என்போமே. சூலுவிலும் கேள்வியில் உள்ளதை ஒப்புக்கொள்வதுதான் 'யேபோ'. 'நீங்கள் சொல்வது சரி, போடவில்லை' என்றுதான் அந்த அம்மா சொன்னார். அந்தப் பையன் வீட்டில் ஆங்கிலம் மட்டும், அவனுக்கு இது பிடிபடவில்லை.

எனக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்றால், 28 நாள் மாத்திரை வாங்கிப்போனவர் 28 நாள் கழித்து வந்திருக்கிறார், பையில் 11 மிச்சம். அப்புறம் உட்கார்ந்து, வீடு, பேரன், மழை எல்லாம் விசாரித்த பிறகுதான் சொன்னார். அது சிறுநீர் பிரிக்கும் மாத்திரை. டாக்சியில் ஊருக்குப் போகிற நாளில் போட்டால் வழியில் அவஸ்தை, அதனால் அந்த நாட்களில் விட்டுவிடுவார். இதை ஆங்கிலத்தில் வரிசையில் நின்றுகொண்டு யார் சொல்லுவார்? வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டோம், சரி என்றார். புதிய மருந்து தேவைப்படவில்லை.

அதனால் எதிர்மறையில் கேட்காதே. "இன்று எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" என்று கேள், பையைத் திறந்து எண்ணு. காண்யே, கபீலி, கதாது, அதாவது ஒரு தடவை, இரண்டு, மூன்று, முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும். நீ சொன்னதை அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னால் தப்பு உடனே தெரியும்.

ஆனால் மூன்று மாதச் சூலுவை வைத்துக்கொண்டு எச்.ஐ.வி. மருந்தை நீயே விளக்கப் போகாதே. தெரிந்த நர்ஸைக் கூப்பிடு. கையில் கிடைத்த துப்புரவுக்காரரை மொழிபெயர்க்கச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு, அதைச் செய்யவே செய்யாதே. அவர் நோயாளியின் ஊர்க்காரராகவே இருப்பார், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

வருஷம் முடிந்து வேலைக்கு எழுதும்போது 'சூலு தெரியும்' என்று சும்மா போடாதே, எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். 'நாள்பட்ட நோயாளிகளுக்கு மருந்து விளக்கம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் சூலுவில் செய்தேன்' என்று எழுது. நேர்காணலில் சூலுவில் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள், அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் மட்டும் எழுது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. முதல் வாக்கியம் சூலுவில் இருக்க வேண்டும், உச்சோடு.

அன்புடன்,
அத்தை