கடதாசித் தங்கமும் சின்னம்மாவின் அட்டியலும்

ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் அக்கரைப்பற்று வாசகர் ஒருவர் ‘காகிதத் தங்கம்’ பற்றி எழுதியிருந்தார். நியூயோர்க் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு 500 பேர் உரிமை கொண்டாடுகிறார்கள், ஆகவே இன்றைய தங்க விலை முழுக்கப் பொய், ஒருநாள் எல்லாம் வெடித்துவிடும் என்பது அவர் வாதம். நான் மட்டக்களப்பு நகைக்கடை ஒன்றில் 26 வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியைத் திருத்தாவிட்டால் சரியான பாதியையும் யாரும் நம்பமாட்டார்கள். அந்தக் கவலையில்தான் எழுதுகிறேன்.

2013 சித்திரைப் புத்தாண்டு எனக்கு மறக்காது. ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை. வருடப்பிறப்பு வியாபாரம் முடித்துப் பெட்டகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். கைவிசேடம் எல்லாம் முடிந்து கடை திறந்த அன்று, கொழும்பு செட்டியார் தெருவுக்குத் தொலைபேசி எடுத்து விலை கேட்ட முதலாளி, நம்பாமல் திரும்பவும் கேட்டார். நான் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடுமுறைக்கு முன் அவுன்ஸ் ஏறத்தாழ 1,560 டொலர். இப்போது 1,360. அன்றைய டொலர் 126 ரூபா என்று வைத்தால், 8 கிராம் பவுண் ஒன்றுக்குச் சுத்தத் தங்கக் கணக்கில் 50,500 ரூபாவாக இருந்தது 44,000 ஆகியிருந்தது. பெட்டகத்தில் இருந்த தங்கம் நாங்கள் பூட்டியபடியேதான் இருந்தது. உலகத்தில் எங்கும் புதிதாகச் சுரங்கம் திறக்கவில்லை. சைப்பிரஸ் அரசு கடனை அடைக்கத் தங்கம் விற்கப்போகிறது என்று ஒரு செய்தி அந்த வாரம் உலாவியது உண்மை. ஆனால் அது வெறும் 10 தொன் அளவு.

நடந்தது நியூயோர்க் கொமெக்ஸ் சந்தையில். அங்கே கைமாறுவது தங்கக் கட்டி அல்ல, எதிர்கால ஒப்பந்தம். இன்ன மாதத்தில் 100 அவுன்ஸ் தங்கம் இன்ன விலைக்குத் தருகிறேன், எடுக்கிறேன் என்ற பேச்சு. எங்கள் பக்கத்தில் நெல் வயலில் நிற்கும்போதே விலை பேசி முடிப்பது போலத்தான். 100 அவுன்ஸ் என்றால் 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், எங்கள் கணக்கில் கிட்டத்தட்ட 389 பவுண். பெரும்பாலானவர்கள் தவணை வருமுன் எதிர்ப் பக்கம் ஒரு ஒப்பந்தம் போட்டுக் கணக்கை முடித்துவிட்டு, விலை வித்தியாசத்தை மட்டும் வாங்குவார்கள் அல்லது கொடுப்பார்கள். ஒரு கிராம்கூட இடம்பெயராது. அந்த ஆண்டுகளில் ஒரு வாரத்தில் கைமாறிய ஒப்பந்தங்களைக் கூட்டினால், உலகச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் தோண்டி எடுத்த தங்கத்தின் அளவு வரும். விமர்சகர்கள் கடதாசித் தங்கம் என்று சொல்வது இதைத்தான். போலிக் கட்டி என்ற அர்த்தத்தில் அல்ல. தங்கத்தைத் தொடாமலே தங்கத்தின் விலையை அசைக்கும் சீட்டு என்ற அர்த்தத்தில்.

சரி, சீட்டு எப்படி விலையை அசைக்கிறது? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை 389 பவுணுக்கான ஒப்பந்தம் ஒன்றின் பெறுமதி ஒன்றரை இலட்சம் டொலர். அதை வாங்கவோ விற்கவோ கட்டவேண்டிய பிணைப் பணம் 5,940 டொலர் மட்டும். நூற்றுக்கு நாலு. இப்போது ஒருவர் 1,560க்கு வாங்கியிருந்தார் என்று வையுங்கள். அவுன்சுக்கு 60 டொலர் இறங்கினால் அவருக்கு நட்டம் 6,000. பிணைப் பணம் முழுதும் போய்விட்டது. உடனே இன்னும் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தரகர் அவரைக் கேளாமலே ஒப்பந்தத்தை விற்றுவிடுவார். வெள்ளிக்கிழமை இறங்கியதும் 60 டொலருக்குக் கொஞ்சம் மேல்தான். சனி, ஞாயிறு சந்தை பூட்டு. திங்கட்கிழமை 15ஆம் திகதி, கட்டப் பணமில்லாத எல்லோருடைய ஒப்பந்தங்களும் சந்தையில் கொட்டுப்பட்டன. ஒரே நாளில் 140 டொலர் விழுந்தது. 30 வருடத்தில் அப்படி ஒரு வீழ்ச்சி இல்லை. அதற்கு மேல் சந்தை நிர்வாகம் பிணைப் பணத்தை 7,040 ஆகவும் உயர்த்தியது.

வெள்ளிக்கிழமை முதலில் வந்த விற்பனை 34 இலட்சம் அவுன்ஸ், அதாவது 100 தொன்னுக்கு மேல் என்று லண்டன் வணிகர்கள் அப்போது சொன்னார்கள். 34,000 ஒப்பந்தம். உண்மையான தங்கமாக விற்பதென்றால் 500 கோடி டொலர் பெறுமதியான கட்டிகள் கையில் வேண்டும். ஒப்பந்தமாக விற்க 20 கோடி டொலர் பிணை போதும். கட்டி ஒன்றும் தேவையில்லை. விற்கிற ஒவ்வொருவருக்கும் எதிரே வாங்குகிற ஒருவர் இருக்கிறார்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவசரப்படுபவர் பக்கம்தான் விலை சாயும். எங்கள் கடைக்கு வந்து தோடு வாங்குகிற மனுசி முழுப் பணத்தையும் எண்ணி வைக்க வேண்டும். நியூயோர்க்கில் ஒப்பந்தம் விற்கிற ஆள் நாலு வீதத்தை வைத்துவிட்டு நொடியில் முடிக்கிறார். விலை வைக்கும் இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே குரல் இல்லை.

அந்த வாரம் உண்மைத் தங்கத்துக்கு என்ன நடந்தது தெரியுமா? இந்தியாவிலும் சீனாவிலும் கடைகளில் சனம் முண்டியடித்தது. மும்பையிலும் ஹொங்கொங்கிலும் உலக விலைக்கு மேலே கூடுதலாகக் கொடுத்துத்தான் கட்டி எடுக்க முடிந்தது. சந்தையில் தங்கம் மலிந்து விலை இறங்கியிருந்தால் அந்தக் கூடுதல் தொகையும் இறங்கியிருக்கும். பலகையில் விலை விழும்போது கைக்கு வரும் கட்டிக்கு மேல்தொகை ஏறினால், விழுந்தது கடதாசியில் என்று கண்டுகொள்ளலாம். நான் பார்த்தவரையில் இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

விலை குறைந்தால் ஏழைக்கு நல்லதுதானே என்று கேட்பார்கள். களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் சின்னம்மா 2012 ஒக்டோபரில், பெரும்போகச் செலவுக்கு ஐந்து பவுண் அட்டியலை ஒரு வங்கியில் இரண்டு இலட்சத்துக்கு ஈடு வைத்தார். அன்றைக்கு 22 கரட் பவுண் உலகக் கணக்கில் 54,000 ரூபா. அடுத்த ஆனி முடிய அவுன்ஸ் 1,200க்கு வந்தது. அதே பவுண் 36,000. அட்டியல் முழுதும் 1,80,000தான். மீட்க வேண்டிய காசு வட்டியோடு இரண்டேகால் இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஏல அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் அட்டியலைத் தேய்க்கவும் இல்ல, உடைக்கவும் இல்ல. ஏன் மனே குறைஞ்சது?” என்று என்னிடம் கேட்டார். பதில் தெரிந்திருந்தும் அன்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் ஒருவர் இல்லை. நாடு முழுக்க மீட்கப்படாத நகைகள் வங்கிகளில் குவிந்து, 2014இல் மத்திய வங்கி அடகுக் கடன்களுக்கு உத்தரவாதத் திட்டம் ஒன்று கொண்டுவர வேண்டி வந்தது.

இனி அந்த 500 பேர் கணக்கு. அது 2016 ஜனவரிக் கணக்கு. அப்போது முடிக்கப்படாமல் நின்ற ஒப்பந்தங்கள் ஏறத்தாழ 4 இலட்சம், அதாவது 4 கோடி அவுன்ஸ். ஒப்படைப்புக்கென்று பதிவாகியிருந்த தங்கம் ஏறத்தாழ 74,000 அவுன்ஸ். வகுத்தால் 540 வரும். பொய் இல்லை. ஆனால் அதே களஞ்சியங்களில், சந்தைத் தரத்தோடு, இன்னும் பதிவு போடாத தங்கம் 60 இலட்சம் அவுன்சுக்குக் கிட்ட இருந்தது. ஆலைக்காரர் களஞ்சியத்தில் 6,000 மூடை நெல் கிடக்க, விற்பனைத் துண்டு குத்திய 74 மூடையை மட்டும் எண்ணி நெல் தட்டுப்பாடு என்று சொல்வது போன்றது இது. சொந்தக்காரர் விரும்பினால் துண்டைக் குத்திக் கொள்ளலாம். விரும்புவாரா என்பது வேறு கேள்வி. விலை கூடினால்தான் பலர் விரும்புவார்கள். மொத்தமாக எடுத்தால் விகிதம் ஆறு மடங்கு சொச்சம். 500 மடங்கும் இல்லை, ஒன்றுக்கு ஒன்றும் இல்லை. அந்த வருடம் சந்தை வெடிக்கவும் இல்லை.

கடதாசி தங்கத்திலிருந்து கழன்ற நாளையும் நாம் பார்த்திருக்கிறோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் சுவிற்சர்லாந்தின் திச்சினோ மாநிலத்தில் மூன்று பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டன, விமானங்களும் நின்றன. லண்டனில் தங்கம் தாராளமாக இருந்தது. ஆனால் அங்கே உள்ளது 400 அவுன்ஸ் கட்டி. நியூயோர்க் ஏற்பது 100 அவுன்ஸ் கட்டியும் கிலோக் கட்டியும். உருக்கி வார்க்க ஆலை இல்லை, கொண்டுபோக விமானம் இல்லை. வழக்கமாக ஓரிரண்டு டொலர் வித்தியாசத்தில் நிற்கும் இரண்டு ஊர் விலையும் மார்ச் 24ஆம் திகதி 70 டொலர் வரை பிரிந்தன. லண்டன் தங்கத்தை நம்பி நியூயோர்க்கில் ஒப்பந்தம் விற்றிருந்தவர்களுக்குப் பெரிய நட்டம். அப்புறம் சந்தை நிர்வாகம் 400 அவுன்ஸ் கட்டியையும் ஏற்கும் புது ஒப்பந்தம் ஒன்றை அறிவித்தது, ஆலைகள் திறந்தன, விமானம் விமானமாகத் தங்கம் போனது. ஜூன் மாதம் மட்டும் 50,000 ஒப்பந்தங்களுக்கு மேல் கட்டியாகவே கேட்டு வாங்கப்பட்டன. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கடதாசியைத் தங்கத்தோடு கட்டி வைத்திருக்கும் கயிறு இதுதான்: கேட்டால் கொடுக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனை. அது இருக்கும்வரை விலையை ஒரு நாள், ஒரு மாதம், ஏன் ஒரு வருடம்கூட இழுக்கலாம். நிரந்தரமாக அமுக்கி வைக்க முடியாது. 2025 ஒக்டோபரில் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது இதே கடதாசிச் சந்தையில்தான்.

சின்னம்மாவின் தவணை அந்த ஒரு வருடத்துக்குள் முடிந்துவிட்டது. விலை பின்னால் ஏறியது, அட்டியல் திரும்பி வரவில்லை. அக்கரைப்பற்று அன்பரின் கோபம் இந்த இடத்தில் முழுக்க நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் நாளாந்தம் பவுண் விலை போடுகிறீர்கள். அதற்குக் கீழே அன்றைய அவுன்ஸ் விலையையும் டொலரின் ரூபாப் பெறுமதியையும் ஒரு வரியில் போடுங்கள். அவுன்ஸ் விலையை ரூபாவுக்கு மாற்றி, 31.1ஆல் வகுத்து 8ஆல் பெருக்கினால் சுத்தத் தங்கப் பவுண் விலை வரும். 22 கரட்டுக்கு அதை 22ஆல் பெருக்கி 24ஆல் வகுக்க வேண்டும். கடை விலை அதற்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தால், அன்று அசைந்தது நியூயோர்க்கா, ரூபாவா, உள்ளூர்த் தட்டுப்பாடா என்று வாசகரே பிரித்தறியலாம். நகையை ஈடு வைக்கப் போகிறவர்கள் வங்கிக்குப் போகுமுன் அந்த ஒரு வரியைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நகைக்கடைக் கணக்காளர் ஒருவர்,
மட்டக்களப்பு.