பேட்டரி எத்தனை என்று கேட்காதீர்கள், ஐஸ் எத்தனை கிலோ என்று கேளுங்கள்
(உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள இயக்குநர்களுக்கு,

வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் இருபது வருடமாகக் குளிர்சாதன வேலை பார்க்கிறேன். ஐஸ்கிரீம் பெட்டியில் ஆரம்பித்து இப்போது காய்கறிக் குளிர் அறை வரைக்கும் வந்திருக்கிறேன். சோலார் குளிர் அறை வாங்கப் போகும் நிறுவனங்களிலிருந்து கொட்டேஷனைக் கொண்டுவந்து, "இதை ஒரு தடவை பாருங்கண்ணே" என்று கேட்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் இருக்கிறது: "ராத்திரிக்கு எத்தனை மணி நேரம் பேட்டரி நிற்கும்?" அந்தக் கேள்வியை மாற்றச் சொல்லத்தான் இந்த மடல்.

போன வருடம் ஒரு நிறுவனத்தின் அறையைத் திறந்து பார்த்தேன். பெயர் வேண்டாம். வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பேனல் பளபளவென்று இருக்கிறது, கம்ப்ரசரும் நன்றாக ஓடுகிறது. ஆனால் பேட்டரி வரிசையில் பாதிக்கு மேல் செத்துவிட்டது. தகர ஷெட்டுக்குள், சித்திரை வெயிலில், தினமும் அடிவரை காலியாக்கிப் பயன்படுத்தினால் ஈய அமில பேட்டரி வேறென்ன ஆகும்? புதிதாக மாற்றப் பணமில்லை. ஐந்து டன் குளிர் அறைக்குள் உர மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள்.

நமக்கு ராத்திரியில் வேண்டியது மின்சாரம் இல்லை, குளிர். பகலில் வெயிலில் மின்சாரம் எடுத்து, அதைப் பேட்டரியில் ஊற்றி, ராத்திரி எடுத்து, கம்ப்ரசரை ஓட்டி, அப்புறம் குளிராக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. பகலிலேயே கம்ப்ரசரை ஓட்டித் தண்ணீரை ஐஸாக்கி வைத்துவிட்டால், ராத்திரி அந்த ஐஸ் கரையக் கரைய அறை குளிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கிலோ ஐஸ் கரையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. வெப்பத்தையும் மின்சாரம் போலவே யூனிட்டில் அளக்கலாம். அந்தக் கணக்கில் ஒரு யூனிட் வெப்பத்தை உறிஞ்சப் பதினொரு கிலோ ஐஸுக்குச் சற்றுக் குறைவாகவே போதும். குளிர்சாதனத்தை 'டன்' கணக்கில் சொல்கிறோமே, அதுவே பழைய காலத்தில் ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் கரைவதை வைத்து வந்த அளவுதான். அது அமெரிக்க டன், 907 கிலோ. எங்கள் தொழிலின் அளவுகோலே ஐஸ்தான் என்பதைப் பாதிப் பேர் மறந்துவிட்டோம்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். இருபதடி கண்டெய்னர் அளவு அறை, சுவர் நுரை அடைத்த 100 மில்லிமீட்டர் பஃப் பேனல், உள்ளே 6 டிகிரி. ஏற்கெனவே இரண்டு டன் பீன்ஸ் குளிர்ந்து கிடக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்னும் ஒரு டன் வருகிறது, காயின் சூடு 30 டிகிரி. அந்த ஒரு டன்னை 6 டிகிரிக்கு இறக்கவே 26 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். காலை எட்டு மணி வரைக்கும் சுவர் வழியாக உள்ளே வருவது ஏறக்குறைய 6 யூனிட். பீன்ஸ் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது, அதுவும் வேகமாக. மூன்று டன்னுக்கு அந்த 15 மணி நேரத்தில் 4, 5 யூனிட். மின்விசிறியும் பம்பும் விடுகிற சூடு 2 யூனிட். கதவு திறப்பதையும் சேர்த்துக் கூட்டினால் 40 யூனிட்.

40 யூனிட்டுக்கு 430 கிலோ ஐஸ் வேண்டும். இதையே பேட்டரியில் செய்வதானால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை யூனிட் குளிர் கிடைக்கிறது என்று வைத்தால், 16 யூனிட் மின்சாரம். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலியாக்கக் கூடாது, ஆக 32 யூனிட் கொள்ளளவு. 12 வோல்ட் 150 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட். பதினெட்டு பேட்டரி! ஐஸ் தொட்டி வைத்தாலும் மின்விசிறிக்கும் பம்புக்கும் ராத்திரி மின்சாரம் வேண்டும்தான். ஆனால் அதற்கு மூன்று பேட்டரி போதும். 'பேட்டரியே இல்லாத அறை' என்று யாராவது விற்றால், ராத்திரி காற்றைச் சுற்ற வைப்பது எது என்று கேளுங்கள்.

இப்போது அதே ஒரு டன் பீன்ஸை விடியற்காலை பறித்து 22 டிகிரியில் எட்டு மணிக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இறக்க வேண்டிய சூடு 17 யூனிட்தான். அதுவும் வெயில் இருக்கும்போதே கம்ப்ரசர் நேராக இறக்கிவிடும், ஐஸைத் தொடவே தேவையில்லை. ராத்திரிக்கு மிஞ்சுவது 13 யூனிட், 140 கிலோ ஐஸ். தொட்டி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பறிப்பு நேரத்தை உங்கள் உறுப்பினர்களிடம் பேசி மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். தொட்டி அளவை அப்புறம் முடிவு செய்யலாம். மாற்ற முடியாது, வண்டி சாயங்காலம்தான் வரும் என்றால், அதைக் கொட்டேஷன் கேட்கும்போதே எழுதிவிடுங்கள். "5 டன் அறை" என்றால் ஐந்து டன் வைக்க இடமிருக்கிறது என்றுதான் பொருள். ஒரே நாளில் ஐந்து டன் சூட்டை இறக்கும் என்று அர்த்தமில்லை. நான் பார்த்த சண்டைகளில் பாதி இந்த ஒரு வரியில் வந்தவை.

தொட்டி எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோளாறும் அங்கேதான் வரும். தண்ணீர்த் தொட்டிக்குள் செப்புக் குழாய்ச் சுருள் முங்கி இருக்கும். பகலில் கம்ப்ரசர் ஓடும்போது குழாயைச் சுற்றி ஐஸ் படியும். ராத்திரி, குழாய்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் தண்ணீர் ஐஸை உரசிக்கொண்டு ஒன்றிரண்டு டிகிரியில் வெளியே வந்து, அறைக்குள் இருக்கும் இன்னொரு குழாய்ச் சுருளுக்குப் போய்த் திரும்பும். அந்தச் சுருள் பூஜ்யத்துக்குக் கீழே போகாததால் அதில் பனி அடைக்காது, அறையின் ஈரமும் அதிகம் குறையாது. எடை போட்டு விற்கிற நமக்கு அது காசு. வாடிய பீன்ஸில் போவது தண்ணீர் மட்டும் இல்லை, விலையும்தான்.

ஆனால் ஐஸ் தடிக்கத் தடிக்க அதுவே போர்வையாகிவிடும். குழாய் இன்னும் குளிர்ந்தால்தான் அடுத்த அடுக்கு உறையும். கம்ப்ரசர் மைனஸ் எட்டு, மைனஸ் பத்து என்று இறங்கி உழைக்கும்; அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் குளிர் குறையும். அதனால் ஐஸ் செய்வதற்கு இரண்டரைக்குப் பதில் இரண்டு மடங்கு என்று கணக்கு வைப்பதே நேர்மை. பகல் நேரச் சுமையையும் சேர்த்தால் நம் உதாரணத்துக்கு நாளுக்கு 26 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தருகிறது. 7, 8 கிலோவாட் பேனல். குறைந்த குழாயில் தடித்த ஐஸ் செய்யும் தொட்டி விலை மலிவு, நிறையக் குழாயில் மெல்லிய ஐஸ் செய்வது விலை அதிகம். இரண்டாவதை வாங்குங்கள். சாயங்காலம் சூடான காய் வந்ததும் முதல் நாலைந்து மணி நேரத்தில்தான் குளிர் மொத்தமாகத் தேவைப்படும். ஐஸின் பரப்பு போதவில்லை என்றால் அந்த வேகத்தில் கரையாது. அடையாளம் எளிது: காலையில் தொட்டியில் பாதி ஐஸ் அப்படியே இருக்கும், க்ரேட்டுக்குள் காய் 14 டிகிரியில் இருக்கும். ஐஸுக்குப் பதில் வேறு உறைபொருள் நிரப்பிய தட்டுகளைச் சுவரில் மாட்டும் அறைகளிலும் இதே கோளாறைப் பார்க்கலாம். க்ரேட்டைச் சுவரோடு ஒட்டி அடுக்கிக் காற்று வழியை அடைத்தாலும் இதேதான். அது எங்கள் தப்பு இல்லை, உங்கள் தப்பு.

ஐஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது. ஐஸ் குழாயோடு பிடித்துத் தண்ணீருக்குள் முங்கியே இருப்பதால் தொட்டியின் மட்டம் ஏறும். மேல்பரப்பு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் உள்ள தொட்டியில் 430 கிலோ ஐஸ் சேர்ந்தால் மட்டம் 4 சென்டிமீட்டர் ஏறும். பக்கத்தில் கண்ணாடிக் குழாய் ஒன்று வைத்துக் கோடு போட்டுவிட்டால், காவல்காரரே சாயங்காலம் பார்த்துச் சொல்லிவிடுவார்: இன்றைக்குத் தொட்டி நிறைந்ததா, முக்கால்தானா என்று. முக்கால் என்றால் அன்றைக்குச் சூடான காயை ஏற்ற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் கோடுதான் உங்களைக் காப்பாற்றும். நிறைந்த தொட்டி, புதுக் காய் ஏற்றாமல் இருந்தால், உள்ளே இருப்பதை ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். அதற்கு மேலும் வானம் மூடிக் கிடந்தால் ஊர் மின்சாரமோ ஜெனரேட்டரோ கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த இணைப்பு இல்லாத அறையை வாங்காதீர்கள்.

லித்தியம் பேட்டரி விலை இறங்கிவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். அது ஈய அமிலத்தைவிட நீண்ட நாள் வரும், ஆழமாகக் காலியாக்கலாம். மூன்று நான்கு க்ரேட் வைக்கிற சின்னப் பெட்டிக்கு அதுவே போதும் என்பேன். ஆனால் பழுதானால் நம் ஊரில் அதைத் திறந்து பார்க்க ஆளில்லை. செப்புக் குழாயில் ஓட்டை விழுந்தால் பழனியிலிருந்து ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து பற்றவைத்துவிட்டுப் போவான்.

இன்னொன்று, 6 டிகிரி அறையில் எல்லாக் காயையும் போடாதீர்கள். பீன்ஸுக்கு அது சரி. கேரட்டும் முட்டைக்கோஸும் இன்னும் குளிர்ச்சி கேட்கும், ஆனாலும் சில நாளுக்கு ஒத்துக்கொள்ளும். தக்காளியும் கத்தரிக்காயும் 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே கெடும். அறைக்குள் நன்றாகத் தெரியும், வெளியே எடுத்த பிறகுதான் குழி விழும், தக்காளி பழுக்காமலே அழுகும். பழி குளிர் அறைமேல் விழும். பழுக்கும் தக்காளி விடும் எத்திலீன் வாயு பக்கத்திலிருக்கும் கேரட்டைக் கசக்க வைக்கும். உங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் தக்காளிக்காரர்கள் என்றால் நடுவே தடுப்பு வைத்து இரண்டு குழாய்ச் சுருள், இரண்டு வெப்பநிலை என்று கேளுங்கள்.

கடைசியாக, பணத்தின் பெரும்பகுதியைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. வெயில் நாளில் தொட்டி நிறையட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேனல் சுவிட்சையும் ஊர் மின்சாரத்தையும் அணையுங்கள். வழக்கமாக வருகிற அளவு சூடான காயை ஏற்றுங்கள். நடு அடுக்கில், நடு க்ரேட்டில், ஒரு தடித்த காய்க்குள் கம்பி வெப்பமானியைக் குத்திவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குத் திறந்து காயின் சூட்டைப் பாருங்கள்; சுவரில் தெரியும் எண்ணைப் பார்க்க வேண்டாம், அது காற்றின் சூடு. காய் 8 டிகிரிக்குள் இருந்தால் காசோலையில் கையெழுத்துப் போடுங்கள். இல்லை என்றால் தொட்டி மட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு குளிர்சாதன மெக்கானிக்,
ஒட்டன்சத்திரம் வட்டாரம்