நாற்பது வியாழன் ஆயிற்று, இன்னும் நன்றி சொல்லவில்லை

போன ஆனியில் சாரல் தொடங்கிய வாரம்தான் ஒரு நிமிடப் புத்தக விமர்சனச் சேனல் ஆசை வந்தது. எங்கள் வீடு புளியரையில், மேலே தகரக் கூரை. மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது, செல்போன் மைக் என்ன செய்யும்? முதல் வீடியோவில் புத்தகத்தின் பெயரே மழையோடு போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தன் ஓட்டு வீட்டின் உள் அறையைத் திறந்துவிட்ட பெரியம்மாவுக்கு முதல் நன்றி. அங்கே சுவரோரம் அடுக்கிய மெத்தையும் போர்வையும் எதிரொலியைக் குடித்துவிடுகின்றன. ஃபேனை நிறுத்தச் சொல்வதற்குத்தான் இன்னும் திட்டு வாங்குகிறேன்.

செங்கோட்டை செல்போன் கடை அண்ணாச்சி, வயர் ஹெட்செட் மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே சட்டையில் குத்தச் சொன்னீர்கள். அது போதுமானதாக இருந்தது.

ஆனால் பெரிய கடன் நூலக அக்காவிடம்தான். வாரம் இரண்டு வீடியோ என்று அறிவித்துவிட்டேன். ஒரு நிமிடத்துக்கு நூறு சொல் எழுதிவிடலாம், முந்நூறு பக்கம் படிப்பதுதான் வேலை. மணிக்கு முப்பது பக்கம் ஓடுகிற எனக்குப் புத்தகத்துக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு இருபது, வேலை முடிந்து வந்து எங்கே போவது? ஐந்தாவது வாரம் ஒரு நாவலை 180ஆம் பக்கத்தோடு மூடிவிட்டு, பின்னட்டையைப் பார்த்து மீதியைப் பேசி, "முடிவு இழுவை" என்று தீர்ப்பும் சொன்னேன். மறுநாள் அக்கா கேட்டார்: "தம்பி, கடைசி இருபது பக்கத்துல கதை சொல்ற ஆளே மாறுதே, படிச்சியா?"

படிக்கவில்லை. அன்றிரவே உட்கார்ந்து முடித்தேன். யூடியூபில் போட்ட வீடியோவின் இடத்தில் வேறொன்றை மாற்றி வைக்க முடியாது, அழித்தால் ஒளித்ததாகும். அதனால் தலைப்பிலேயே "பாதிதான் படித்திருந்தேன்" என்று சேர்த்தேன், திருத்தம் சொல்லித் தனி வீடியோவும் போட்டேன்.

அப்புறம் வாரம் ஒன்றுதான், வியாழன் மாலை. மாதத்தின் முதல் ஞாயிறு நான்கையும் சேர்த்து எடுத்துவிடுவேன் (சட்டை மட்டும் மாறும்). படித்து முடித்த புத்தகம் கையில் குறைந்தால், ஒரு தொகுப்பிலிருந்து ஒரே ஒரு சிறுகதையைப் பேசுவேன், மற்ற கதைகளைப் படிக்கவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு. இலவசமாக வந்த பிரதி என்றால் அதுவும் முதல் வரியில்தான். அப்படிப் பிரதி அனுப்பி, "பிற்பாதி பலவீனம்" என்று நான் சொன்ன பிறகு, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்ட எழுத்தாளருக்கும் நன்றி. குறிப்பேட்டில் பக்க எண் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தேன்.

அக்கா, இந்த வியாழன் வருவது 412 பக்கம், கடைசி வரி வரை படித்தாயிற்று. திங்கள்கிழமை திருப்பித் தருகிறேன், இரண்டு நாள் அபராதத்தோடு.